தறியும் மீதியும்: ஒன்பதாம் வகுப்புக்கான கணக்கு – கைவினைச் செயல்திட்டம்

இந்தச் செயல்திட்டத்தில் நீங்கள் ஒரு துணி நெய்யப் போகிறீர்கள். தறியில் நூல் ஏற்றும் முன்பே அந்தத் துணியின் முகம் எப்படி இருக்கும், எத்தனை நூலுக்கு ஒருமுறை வடிவம் திரும்ப வரும், பிடித்து இழுத்தால் தாங்குமா பிரிந்துவிடுமா என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லவும் போகிறீர்கள். கணக்கு ஆசிரியரும் கைவினை ஆசிரியரும் சேர்ந்தே மதிப்பெண் போடுவோம். துணி அழகாக வந்து கணக்கு இல்லையென்றால் பாதி மதிப்பெண்தான். கணக்கு மட்டும் இருந்தாலும் அப்படியே.

நான்கு பேர் ஒரு குழு. ஆளுக்கொரு அட்டைத் தறி வேண்டும். தடித்த அட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக 20 வெட்டுகள் போட்டு, அவற்றில் பாவு நூலை இழுத்துக் கட்டுங்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் நிற்கும் நூல். ஊடை என்பது அதற்குக் குறுக்கே மேலும் கீழுமாகப் புகுந்து போவது. ஊடையைக் கொண்டுபோக, தறியில் ஓடும் நாடாவுக்குப் பதில் மொட்டை முனை ஊசி போதும். பாவு ஏன் 20? இன்று நெய்யும் வடிவங்கள் 2, 4, 5 நூல்களுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. மூன்றுக்கும் மீ.சி.ம. 20. அதனால் எந்த வடிவமும் ஓரத்தில் பாதியில் அறுபடாது.

துணியை வரைதாளில் எழுதுதல்

வரைதாளில் ஒரு நிரல் ஒரு பாவு நூல். ஒரு நிரை ஒரு ஊடை நூல். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் பாவு மேலே இருந்தால் கறுப்பு, ஊடை மேலே இருந்தால் வெள்ளை. இவ்வளவுதான் விதி. பாவும் ஊடையுமாக நெய்த எந்தத் துணியையும் இப்படி எழுதிவிடலாம். பிரான்சின் லியோன் நகரில் 1804ஆம் ஆண்டையொட்டி ஜோசப் மரி ஜக்கார்ட் உருவாக்கிய தறியும் இதையேதான் செய்தது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் அந்தப் பாவு மேலே எழும்பும், இல்லையென்றால் கீழேயே நிற்கும்.

நிரல்களுக்கும் நிரைகளுக்கும் 0, 1, 2 என்று எண் கொடுங்கள். நிரையை i என்றும் நிரலை j என்றும் வைத்துக்கொண்டால், சாதா நெசவில் i + j இரட்டைப்படையானால் கறுப்பு, ஒற்றைப்படையானால் வெள்ளை. ட்வில் நெசவில் j − i என்பதை 4-ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 என்றால் கறுப்பு. வரைந்து பாருங்கள், சாய்வுக் கோடுகள் தானாக எழும். j − i என்பதை j + i என்று மாற்றினால் சாய்வு எதிர்ப்பக்கம் விழும். சில நிரைகளுக்கு ஒன்றும் அடுத்த சில நிரைகளுக்கு மற்றதுமாக மாற்றிக்கொண்டே போனால் வளைந்து நெளியும் கோடு வரும். பூ வேலை என்று நினைப்பதில் பாதி இப்படி மீதியை மட்டும் வைத்து வருவதுதான்.

துணியின் பின்பக்கத்தைப் பார்க்கக் கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றி, பிறகு தாளை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். இந்த ட்வில்லின் பின்பக்கமும் ட்வில்தான், சாய்வு மட்டும் மாறியிருக்கும்.

எத்தனை விழுது?

ஜக்கார்ட் தறியைப் போலன்றி, சாதாரணத் தறியில் ஒவ்வொரு பாவு நூலையும் தனியாகத் தூக்க முடியாது. பாவு நூல்களைச் சேர்த்துத் தூக்கும் பாகத்துக்கு விழுது என்று பெயர்; ஒரே மாதிரி மேலும் கீழும் போகும் நூல்களை ஒரே விழுதில் கோத்துவிடுவார்கள். அதனால் வரைதாளில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட நிரல்கள் எத்தனையோ அத்தனை விழுதுகள் போதும். விழுதில் நூல் கோக்கும் வரிசை 1, 2, 3, 4, 3, 2 என்று போனால், வடிவம் ஆறு பாவுக்கு ஒருமுறை திரும்பும். ஆனால் வேண்டிய விழுது நான்குதான். நான்கு விழுதுகளை எத்தனை விதமாகத் தூக்கலாம்? 2⁴ = 16. எல்லாம் மேலே, எல்லாம் கீழே என்ற இரண்டிலும் ஊடை எந்த நூலையும் பிடிக்காது, ஆகவே 14.

சாட்டின்: பகு எண்களும் சார்பகா எண்களும்

சாட்டினில் ஒரு நிரைக்கு ஒரே ஒரு கறுப்புக் கட்டம். அடுத்த நிரையில் அது s கட்டம் தள்ளிப் போகும், எல்லை தாண்டினால் மறுபக்கத்திலிருந்து தொடரும். இந்த s-ஐப் படி என்போம். n நூல் சாட்டினில் ஒவ்வொரு பாவும் சரியாக ஒருமுறை பிடிபட வேண்டும். அதற்கு s, n இரண்டும் சார்பகா எண்களாக இருக்க வேண்டும். s = 1 அல்லது n − 1 என்றால் புள்ளிகள் தொட்டுக்கொண்டு சாய்வுக் கோடாகிவிடும், அது ட்வில். சாட்டினின் வழவழப்பே புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் சிதறி இருப்பதால்தான் வருகிறது.

ஐந்துக்கு 2, 3 என்று இரண்டு படிகள் உண்டு. எட்டுக்கு 3, 5. ஆறுக்கு ஒன்றும் கிடையாது, ஏனென்றால் 6-உடன் சார்பகாவாக இருப்பவை 1, 5 மட்டுமே. ஆறு நூலில் சாட்டின் வேண்டுமென்றால் சீரான படியை விட்டுவிட்டு 0, 2, 4, 1, 5, 3 போன்ற வரிசையில் புள்ளி வைக்க வேண்டும். அடுத்தடுத்த எண்கள் பக்கத்தில் பக்கத்தில் விழவில்லை என்பதை, கடைசி 3-லிருந்து முதல் 0-வுக்குத் திரும்புவதையும் சேர்த்துச் சரிபாருங்கள். 1867இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் சீரான சாட்டின்களை எண்கணிதத்தைக் கொண்டு அமைப்பது பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். ஹனோய் கோபுரப் புதிரைத் தந்தவரும் இவர்தான்.

ஏழுக்கு 2, 3, 4, 5 என்று நான்கு படிகள் கிடைக்கும். நான்கு வெவ்வேறு துணிகளா? நான்கையும் வரைந்து வெட்டி எடுங்கள். கண்ணாடியில் பார்த்தால் 2 என்பது 5 ஆகிறது. நிரையையும் நிரலையும் இடம் மாற்றினால் 2 என்பது 4 ஆகிறது, காரணம் 2 × 4 = 8, ஏழால் வகுத்தால் மீதி 1. இப்படிப் போனால் நான்கும் ஒரே துணியாகிவிடும். இது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

பிரிந்துபோகும் துணி

இந்த வடிவத்தைப் பாருங்கள்:

```
■ □ □ □
■ ■ ■ □
□ □ ■ □
■ □ ■ ■
```

எந்த நூலும் முழுவதும் மேலேயோ முழுவதும் கீழேயோ இல்லை. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் பிடிபட்டுத்தான் இருக்கிறது. பார்த்தால் நல்ல துணி. குழுவில் ஒருவர் இதை நெய்யுங்கள். முதல், மூன்றாம் நூல்கள் பாவிலும் ஊடையிலும் சிவப்பு. இரண்டாவது, நான்காவது நூல்கள் நீலம். பாவில் ஒவ்வொரு நூலையும் தனியாகக் கட்டுங்கள். ஊடைக்கு இரண்டு ஊசி. ஓரத்தில் சிவப்பு ஊடையும் நீல ஊடையும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்ததும் அட்டையிலிருந்து கழற்றி, மேலே தெரியும் சிவப்பை மெதுவாகத் தூக்குங்கள். சிவப்பில் ஒரு முழுத்துணி, நீலத்தில் ஒரு முழுத்துணி என்று இரண்டாகப் பிரிந்து வரும். இரண்டுமே சாதா நெசவு!

நெய்யாமலே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மேல் அடுக்கில் s பாவும் t ஊடையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வடிவத்தில் மொத்த ஊடைகள் m. அந்த s நிரல்களில் உள்ள கறுப்புகளை எண்ணி c என்று வையுங்கள், அந்த t நிரைகளில் உள்ள கறுப்புகளை r என்று வையுங்கள். மேலடுக்குப் பாவும் மேலடுக்கு ஊடையும் சந்திக்கும் கட்டங்கள் இரண்டு எண்ணிக்கையிலும் வருவதால் கழித்தால் அடிபட்டுப் போகும். மிச்சம் இருப்பதில், மேலடுக்குப் பாவு கீழடுக்கு ஊடையைத் தாண்டும் கட்டமெல்லாம் கறுப்பு, அவை s(m − t). மேலடுக்கு ஊடை கீழடுக்குப் பாவைத் தாண்டும் கட்டமெல்லாம் வெள்ளை. ஆகவே

```
c − r = s(m − t)
```

அடுக்கு பிரியாவிட்டால் இடப்பக்கம் எப்போதும் சிறியதாகவே இருக்கும். நம் வடிவத்தில் c = 3 + 3 = 6, r = 1 + 1 = 2, வித்தியாசம் 4. வலப்பக்கம் 2 × 2 = 4. சமம், எனவே பிரியும்.

இனி ட்வில்லைச் சோதிப்போம். ஒவ்வொரு நிரலிலும் நிரையிலும் இரண்டு கறுப்பு. எனவே 2s − 2t = s(4 − t). சுருக்கினால் (s − 2)(t − 2) = 4. s, t இரண்டும் 0 முதல் 4 வரைதான் இருக்க முடியும். பொருந்துபவை s = t = 0, s = t = 4 மட்டுமே. அதாவது ஒன்றையும் தூக்காமல் இருப்பது, அல்லது முழுத்துணியையும் தூக்குவது. இடையில் வேறு வழி இல்லை, ட்வில் தாங்கும். ஐந்து நூல் சாட்டினுக்கு இதே கணக்கை நீங்கள் போட்டுக் காட்ட வேண்டும்.

நிறம்

சாதா நெசவில் பாவு, ஊடை இரண்டையும் கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றிப் போட்டால் என்ன தெரியும்? சதுரங்கக் கட்டம் என்று பலர் சொல்வீர்கள். i + j இரட்டைப்படையானால் மேலே தெரிவது பாவின் நிறம். அப்போது i, j இரண்டும் ஒரே வகை என்பதால் அது அந்த ஊடையின் நிறமும்தான். ஒற்றைப்படையானால் தெரிவது ஊடையே. ஆக எங்கும் ஊடையின் நிறம், அதாவது குறுக்குக் கோடுகள். ஊடையின் நிற வரிசையை மட்டும் ஒரு நூல் தள்ளினால் கோடுகள் நெடுக்காக நிற்கும். நெய்து காட்டுங்கள். நிறம் 6 நூலுக்கு ஒருமுறையும் நெசவு 4 நூலுக்கு ஒருமுறையும் திரும்பினால் முழு வடிவம் 12 நூலுக்கு ஒருமுறைதான் திரும்பும்.

சமச்சீர் பற்றிச் சுருக்கமாக: ஒரு தளம் முழுவதும் இரு திசைகளில் திரும்ப வரும் வடிவங்களை அவற்றின் சமச்சீரைக் கொண்டு வகைப்படுத்தினால் மொத்தம் 17 வகை. 1891இல் ரஷ்யப் படிகவியல் அறிஞர் ஃபெதரோவ் இதை நிறுவினார், 1924இல் ஹங்கேரியக் கணித அறிஞர் போல்யாவும் அதே முடிவுக்கு வந்தார். சதுரக் கட்டங்களில் மூன்றில் ஒரு சுற்றோ ஆறில் ஒரு சுற்றோ சுழற்றிப் பொருத்த முடியாது. அந்த 5 வகைகளும் போக நம் வரைதாளில் 12 வகைகளே சாத்தியம். உங்கள் சொந்த வடிவத்தில் பிரதிபலிப்பு, அரைச்சுற்று, பிரதிபலித்து அச்சின் வழியே நகர்த்தும் நழுவல் பிரதிபலிப்பு ஆகியவற்றில் எவை உள்ளன என்று அச்சுகளையும் மையங்களையும் வண்ணப் பென்சிலால் குறியுங்கள்.

ஒப்படைக்க வேண்டியவை

நான்கு துணித் துண்டுகள்: ஒரு ட்வில், ஒரு ஐந்து நூல் சாட்டின், பிரிந்துபோகும் துணி, குழுவின் சொந்த வடிவம். சொந்த வடிவத்துக்கு வரைதாள், விழுது எண்ணிக்கை, பிரியாது என்பதற்கான கணக்கு மூன்றும் வேண்டும். நிறம் பற்றிய பகுதியைச் சொந்த வடிவத்திலேயே காட்டினாலும் சரி, தனித் துண்டாக நெய்தாலும் சரி.

அப்புறம் எல்லாக் குழுக்களுக்கும் ஒரு கேள்வி. எட்டு, ஒன்பது, பத்து நூல்களில் சீரான சாட்டின் தலா ஒன்றே ஒன்றுதான், மற்றவை அதன் திருப்பங்கள். பதினொன்றில் முதல்முறையாக எந்தத் திருப்பத்திலும் ஒன்றாகாத இரண்டு சாட்டின்கள் வருகின்றன. 2 முதல் 9 வரையுள்ள எட்டுப் படிகளையும் அந்த இரண்டு குடும்பங்களாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்றாக வரைந்து கொண்டு வாருங்கள்.