கூறைச் சேலையோடு வைத்த குறிப்பு

பாப்பா,

பையைத் திறந்ததும் சேலையைப் பிரித்துவிடாதே. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முதலில் இதைப் படி. அப்புறம் சித்தியிடம் கொடு. பரிசத்தன்று உனக்குக் கட்டிவிடப் போவது சித்திதானே.

2004-இல் என் மாமியார் ஈப்போவில் எடுத்த கூறை இது. பால்மரம் வெட்டிச் சேர்த்த காசு. கடைக்காரர் முந்தானையை விரித்து விரித்துக் காட்ட, அவர் அதைப் பார்க்கவே இல்லையாம். சேலையைத் திருப்பிப் போட்டு, அரக்கும் பச்சைக் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவியபடி இருந்தாராம். நீயும் தடவிப் பார், மேடாக ஒரு கோடு தட்டும். அதுதான் கோர்வை. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்த இடம். அழகும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். அதனால் கரையைப் பிடித்து உதறாதே, இழுக்காதே. இரண்டு கையிலும் ஏந்தி விரி.

மோதிரத்தையும் வளையலையும் கட்டி முடித்த பிறகு போட்டுக்கொள். சென்ட் அடிப்பதானால் சேலை கட்டுவதற்கு அரைமணி நேரம் முன்பே அடித்துவிடு. தலைக்கு ஸ்பிரேயும் அப்படித்தான். ஜரிகையில் பட்டால் கறுத்துப்போகும். உள்பாவாடை பருத்தியாக இருக்கட்டும். புதிதாக வாங்கினால் முதலில் ஒருதரம் அலசி, சாயம் போகிறதா என்று பார். சாட்டின் வேண்டாம், இந்தக் கனத்துக்கு வழுக்கிக்கொண்டே இறங்கும்.

இனி ஊக்கு. இதைப் பற்றித்தான் எனக்குப் பயம். என் கல்யாணத்தில் அலங்காரம் செய்ய வந்தவர் தோளில் மட்டும் நான்கு ஊக்குகள் குத்தினார். மாலையின் பாரம் இழுத்ததில் ஒன்று கிழித்துவிட்டது. இடது தோள் மடிப்பில் அரிசி அளவுக்கு ஒரு தையல் தெரியும், நானே அரக்கு நூலால் இழைத்தது. அந்த இடத்தில் மறுபடி குத்தாதே. இரண்டு விரல் தள்ளிக் குத்து.

பையின் பக்கவாட்டில் சின்ன டப்பா இருக்கிறது. அதில் துரு பிடிக்காத ஊக்குகள் ஆறும் பாசிமணிகள் ஆறும் வைத்திருக்கிறேன். ஊக்கைத் திறந்து முதலில் ஒரு மணியைக் கோத்து, அதைச் சுருள் வரைக்கும் தள்ளிவிடு. அப்புறம் துணியில் குத்து. பட்டு நூல் சுருளுக்குள் போய் மாட்டாமல் மணி தடுக்கும். தோளில் ரவிக்கையின் உள்பக்கமிருந்து, ஜரிகையைத் தவிர்த்து, ஒன்றே ஒன்று. கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து, செருகும் பகுதிக்குக் கீழே போகாமல், பாவாடை நாடாப் பட்டையோடு ஒன்று. போதும். பாக்கி நான்கும் யாராவது அத்தை கேட்பார், அவருக்கு.

பரிசத்தட்டு மாற்றிய பிறகு ஆளுக்கு ஆள் சந்தனம் பூசுவார்கள். மடியில் ஒரு துவாலை போட்டுக்கொள். மாலையில் தண்ணீர் தெளித்திருந்தால் நன்றாக உதறிய பிறகே போடச் சொல். கோயிலுக்குப் போகும் செம்மண் பாதை மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். காடியிலிருந்து இறங்கும்போது கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தியை இப்போதே சொல்லி வை.

துவைப்பது: துவைக்காதே. மெஷினும் வேண்டாம், வாளியும் வேண்டாம், ஷாம்பு போட்டு அலசலாம் என்று யாராவது சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு விட்டுவிடு. சந்தனம் பட்டால் காயும்வரை தொடாதே. காய்ந்ததும் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எண்ணெய் பட்டால் முகப்பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் உதறு. குழம்பு சிந்தினால் காய்ந்த டிஷுவால் ஒற்றியெடு, தேய்க்காதே, எனக்குப் போன் செய். திட்டமாட்டேன். உட்கொசுவத்தில் பழைய மஞ்சள் கறை ஒன்று இருக்கிறது. அது என்னுடையது, அதைப் போக்க முயற்சி செய்யாதே.

அவிழ்த்ததும் மடித்துவிடாதே. வெயில் படாத அறையில், மரக் கொடியில் போட்டு, காற்றாடிக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் வேர்வை ஆறட்டும். இஸ்திரி போடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு அதே வெள்ளை வேட்டியில் சுற்று. பிளாஸ்டிக் பை கூடாது, நம் ஊர் ஈரத்துக்கு உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பூச்சி உருண்டையும் போடாதே. எந்த மடிப்பில் மடித்தாய் என்று கவலைப்படாதே, நான் எப்படியும் மாற்றி மடிப்பேன்.

டிரை கிளீனிங்குக்கு நீ கொடுக்க வேண்டாம். அப்படியே கொண்டுவா, சுங்கை சிப்புட்டில் எனக்குப் பழக்கமான கடையில் நானே கொடுத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் மாமா பழம் எடுக்க அந்தப் பக்கம் வருவார். ஆனால் அவரிடம் கொடுத்தனுப்பாதே. லாரியில் டுரியான் மூட்டையோடு வைத்துவிடுவார்.

ரவிக்கையில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் தையல் விட்டிருக்கிறேன். பிரிப்பதானால் பிரித்துக்கொள், கேட்க வேண்டாம்.

அக்கா