பிளஸ் டூ பொருளியல்: பொங்கல் முடிந்து ஆறு வாரம்

தம்பிக்கு,

உன் அரையாண்டு விடைத்தாளை அம்மா போட்டோ எடுத்து அனுப்பினாங்க. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒரு மார்க்கில் 20-க்கு 18, இரண்டு மார்க்கில் 14-க்கு 11, மூன்று மார்க்கில் 21-க்கு 14, ஐந்து மார்க்கில் 35-க்கு 17. மொத்தம் 90-க்கு 60. நீ படித்திருக்கிறாய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி படித்திருக்கிறாய், கதைப்புத்தகம் போல வாசித்துக்கொண்டே போயிருக்கிறாய். விளைவுத் தேவைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டுப் படத்தில் அச்சுகளுக்குப் பெயர் போடவில்லை. பெருக்கியின் வாய்பாடு சரி, அதை வைத்து ஒரு கணக்குகூட இல்லை. 40-வது கட்டாய வினாவை அப்படியே விட்டுவிட்டாய். அதனால்தான் இந்தத் திட்டம்.

பன்னிரண்டு பாடங்களையும் மூன்று கட்டாகப் பிரித்திருக்கிறேன். புத்தக வரிசையில் பிரித்தால் படங்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்துவிடும். அதனால் கொஞ்சம் கலைத்துப் போட்டேன்.

முதல் கட்டு: தேசிய வருவாய், வேலைவாய்ப்பு மற்றும் வருமானக் கோட்பாடுகள், பன்னாட்டுப் பொருளாதார அமைப்புகள், சுற்றுச்சூழல்.
இரண்டாம் கட்டு: பேரியல் அறிமுகம், நுகர்வு மற்றும் முதலீடு, வங்கியியல், நிதிப் பொருளியல்.
மூன்றாம் கட்டு: பணவியல், பன்னாட்டுப் பொருளியல், மேம்பாடும் திட்டமிடலும், புள்ளியியல்.

திங்கள், செவ்வாய் படம். புதன், வியாழன் வரையறை. வெள்ளி, சனி பயன்பாட்டு விடை. காலையில் ஒன்றேகால் மணி நேரம் போதும், கணக்குப்பதிவியலுக்கும் நேரம் வேண்டுமே.

வாரம் 1: படம் முதல் கட்டில், வரையறை இரண்டாம் கட்டில், பயன்பாடு மூன்றாம் கட்டில்.
வாரம் 2: படம் மூன்றாம் கட்டில், வரையறை முதல் கட்டில், பயன்பாடு இரண்டாம் கட்டில்.
வாரம் 3: படம் இரண்டாம் கட்டில், வரையறை மூன்றாம் கட்டில், பயன்பாடு முதல் கட்டில்.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை இதே சுற்று, ஆனால் புத்தகத்தை மூடிவைத்து. மூன்றாம் கட்டுக்கு முதல் வாரமே பயன்பாடு வருகிறதே, படமும் வரையறையும் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்பாய். பள்ளியில் ஒருமுறை நடத்தி முடித்த பாடம்தானே. எழுதத் தொடங்கினால் எங்கே தட்டுகிறது என்று தெரியும். அந்த இடத்தைப் பென்சிலில் குறித்துக்கொள். அடுத்த இரண்டு வாரத்தில் படத்திலும் வரையறையிலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி படம். கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக்கொள். பக்கத்துக்கு ஒரு படம், அதற்கு மேல் வேண்டாம். வளைகோட்டிலிருந்து தொடங்கும் பழக்கத்தை விடு. முதலில் இரண்டு அச்சு, உடனே அவற்றின் பெயர், அப்புறம் கோடுகள், அப்புறம் வெட்டும் புள்ளி, அதிலிருந்து அச்சுக்குப் புள்ளிக்கோடு, கடைசியில் கீழே இரண்டு வரி விளக்கம். விளைவுத் தேவையை இப்படிப் போட்டுப் பார். X அச்சில் வேலைவாய்ப்பு அளவு, Y அச்சில் வருவாய். தொகு அளிப்புக் கோடு ஏறிக்கொண்டே போய், முழு வேலைவாய்ப்பு வந்ததும் செங்குத்தாக நின்றுவிடும். தொகு தேவைக் கோடும் ஏறும், ஆனால் போகப்போகத் தட்டையாகும். இரண்டும் வெட்டுகிற இடம்தான் விளைவுத் தேவை. அரையாண்டில் நீ அந்தப் புள்ளியைச் சரியாக அளிப்புக் கோடு செங்குத்தாகும் இடத்தில் வைத்திருந்தாய். படம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் கீன்ஸ் சொன்னதற்கே அது எதிர். 1929-ல் தொடங்கிய பெருமந்தத்தைப் பார்த்துவிட்டு அவர் 1936-ல் எழுதியதன் சாரமே, முழு வேலைவாய்ப்புக்கு முன்பே சமநிலை வந்து நின்றுவிடலாம் என்பதுதான். வெட்டும் புள்ளி செங்குத்துப் பகுதிக்கு இடப்பக்கம் இருக்கட்டும். நடுவில் உள்ள இடைவெளியில் 'வேலையின்மை' என்று எழுது. அந்த ஒரு சொல் பாதி விளக்கத்துக்குச் சமம்.

நுகர்வுச் சார்பை எண்ணை வைத்தே வரை. C = 100 + 0.8Y என்று எடுத்துக்கொள். வருமானம் பூஜ்யமானாலும் நுகர்வு 100, அதனால் கோடு 100-ல் தொடங்கும். வருமானம் 500 ஆனால் நுகர்வும் 500. அங்கேதான் 45 பாகைக் கோட்டை வெட்டும். அதற்கு இடப்பக்கம் கடன், வலப்பக்கம் சேமிப்பு. எண் தெரிந்தால் கோட்டின் வடிவத்தை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

எல்லாப் பாடத்திலும் இப்படி வளைகோடு கிடைக்காது. பணவியலில் வாணிபச் சுழற்சியை அலையாகப் போடு: மீட்சி, செழிப்பு, பின்னிறக்கம், மந்தம். மேம்பாட்டில் நர்க்சே சொன்ன வறுமையின் நச்சுச் சுழலை அம்புக்குறியால் வட்டமாகப் போடு. தேவைப் பக்கத்துக்கு ஒன்று, அளிப்புப் பக்கத்துக்கு ஒன்று. பன்னாட்டு அமைப்புகளுக்குப் படமே கிடையாது. அங்கே ஒரு காலக்கோடு போதும்: 1944 பிரெட்டன் வூட்ஸ் மாநாடு, 1995 ஜனவரி 1 உலக வர்த்தக அமைப்பு. அதோடு நகர்ந்துவிடு.

வரையறைக்குச் சின்ன அட்டைகள் வெட்டிக்கொள். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். ஒன்றொன்றாகப் படிக்காதே, ஜோடியாகப் படி. உனக்குக் குழம்புவதெல்லாம் ஜோடிதான். மொத்த உள்நாட்டு உற்பத்தியும் மொத்த தேசிய உற்பத்தியும் ஓர் அட்டையின் இரு பக்கம். நடுவில் ஓர் எடுத்துக்காட்டு: ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரிய நிறுவனம் கார் செய்தால் அந்த உற்பத்தி நம் உள்நாட்டு உற்பத்தியில் சேரும், அதன் லாபம் கொரியாவுக்குப் போகிற அளவுக்கு நம் தேசிய உற்பத்தியில் கழியும். ரொக்க இருப்பு விகிதமும் சட்டப்பூர்வ நீர்மை விகிதமும் இன்னொரு ஜோடி. முதலாவதில் வங்கி தன் வைப்புகளில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்கிறது. இரண்டாவதில் ஒரு பங்கை ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரங்களாகத் தானே வைத்துக்கொள்கிறது. நிதிப் பற்றாக்குறையையும் முதன்மைப் பற்றாக்குறையையும் சேர்த்து எழுது. நிதிப் பற்றாக்குறையில் வட்டிச் செலவைக் கழித்தால் முதன்மைப் பற்றாக்குறை, அவ்வளவுதான். 1949, 1966, 1991 ஆண்டுகளில் நடந்தது ரூபாயின் வெளிமதிப்பைக் குறைத்தது. 2016 நவம்பர் 8-ல் அறிவித்தது பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்பது. நீ இரண்டையும் ஒரே விடையில் கலந்திருந்தாய்.

அட்டையைப் பார்த்துப் படிப்பது படிப்பே இல்லை. அம்மாவிடம் கொடு, அவங்க தலைப்பை மட்டும் படிக்கட்டும், நீ எழுது. வாயால் சொன்னால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

பயன்பாட்டு விடைதான் உனக்குப் பஞ்சம். 30-வது, 40-வது கட்டாய வினாக்களில் புத்தகத்து வரி அப்படியே உதவாது. இதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்: என்ன மாறியது, அது முதலில் யாரைத் தொடுகிறது, அவர் என்ன செய்வார், அதனால் மொத்தப் பொருளாதாரத்தில் என்ன ஆகும். ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்.

வினா: பணவீக்கத்தின்போது ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஏன் உயர்த்துகிறது?

விடை: ரெப்போ என்பது வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம். அது உயர்ந்தால் வங்கிகளுக்குப் பணம் திரட்டும் செலவு கூடுகிறது. ஆகவே அவை வீட்டுக்கடன், தொழில்கடன் வட்டியை உயர்த்துகின்றன. கடன் வாங்குவோர் குறைவதால் நுகர்வும் முதலீடும் குறைந்து, தொகு தேவை தணிந்து, விலையேற்றம் மட்டுப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரி வரை இவ்விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

மூன்று மார்க்குக்கு இது தாராளம். இதில் ஒரு வரியையாவது நீக்கிப் பார், சங்கிலி அறுந்துவிடும். உன் விடைகளில் அறுவது பெரும்பாலும் நடுவில்தான். 'ரெப்போ உயர்ந்தால் பணவீக்கம் குறையும்' என்று நேராகத் தாவிவிடுகிறாய்.

கணக்கு வரும் வினாக்களை விடவே விடாதே, அது சும்மா கிடைக்கிற மார்க். இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.8 என்றால் K = 1/(1 − 0.8) = 5. முதலீடு 100 கோடி கூடினால் வருமானம் 500 கோடி கூடும். 0.75 என்றால் பெருக்கி 4. ரிக்கார்டோ 1817-ல் போட்ட கணக்கையும் கையால் போட்டுப் பார். ஓரலகு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேர், போர்ச்சுகலில் 90 பேர். ஓரலகு மதுவுக்கு 120 பேர், 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகலே மலிவு. ஆனாலும் துணியில் செலவு பத்தில் ஒரு பங்குதான் குறைவு, மதுவிலோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் போர்ச்சுகல் மதுவையும் இங்கிலாந்து துணியையும் செய்யட்டும் என்கிறார். 'ஒப்பீட்டுச் செலவு' என்பதில் 'ஒப்பீடு' எதற்கு வந்தது என்று இந்த நான்கு எண்ணே சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதுவும் படிக்காதே. அந்த வாரத்தின் ஒரு படம், நான்கு வரையறை, ஒரு ஐந்து மார்க், இவற்றை முக்கால் மணி நேரத்தில் எழுதி போட்டோ அனுப்பு, நான் திருத்தி அனுப்புகிறேன். நான்காம் வாரத்திலிருந்து நேரக்கணக்கும் சேரும்: ஐந்து மார்க்குக்கு 12 நிமிடம், மூன்றுக்கு 6, இரண்டுக்கு 3, ஒரு மார்க் இருபதுக்கும் சேர்த்து 15. கூட்டிப் பார், 162 நிமிடம். மீதி 18 நிமிடம் படங்களின் அச்சுப் பெயர்களைச் சரிபார்க்க.

பிப்ரவரியில் கணினிப் பயன்பாடுகள் செய்முறைத் தேர்வு வரும் வாரம் வெள்ளி, சனியை விட்டுவிடு. படத்தையும் வரையறையையும் மட்டும் பிடித்துக்கொள், விட்டுப்போன பயன்பாட்டை அடுத்த ஞாயிறு சேர்த்துக்கொள்ளலாம். ஒருநாள் விட்டுப்போனது என்பதற்காக முழு வாரத்தையும் தள்ளிப்போட்டு அட்டவணையைக் குழப்பாதே. போனது போகட்டும், அன்றைக்கு என்ன கிழமையோ அந்த வேலையைச் செய்.

நாளை காலை முதல் படம், தேசிய வருவாயின் வட்ட ஓட்டம். குடும்பங்கள் ஒரு பெட்டி, நிறுவனங்கள் ஒரு பெட்டி. பணத்துக்கு ஒரு நிறம், பொருளுக்கு வேறு நிறம். அரசையும் வெளிநாட்டையும் முதல் நாளே சேர்க்க வேண்டாம்.

அக்கா