வகையீட்டுச் சமன்பாடு: ஆங்கில மொழிமூலப் பொறியியலுக்குப் போகும் வன்னி மாணவர்களுக்கான சொற்கோவை

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்து, அறிவியல் நகர், பேராதனை, மொறட்டுவை என்று பொறியியல் பீடம் போகிறவர்களுக்கு இது. அகரவரிசை பார்க்கவில்லை, வகுப்பில் காதில் விழும் ஒழுங்கில் தந்திருக்கிறோம்.

டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் – வகையீட்டுச் சமன்பாடு. தெரியாத சார்பும் அதன் பெறுதிகளும் சேர்ந்து வரும் சமன்பாடு. விடையாக வருவது எண் அல்ல, சார்பு. எளிமை இசை இயக்கத்தின் ẍ = −ω²x நீங்கள் ஏற்கெனவே பழகிய ஒன்றுதான். y′ என்பதை ‘வை பிரைம்’ என்றும் ẋ என்பதை ‘எக்ஸ் டொட்’ என்றும் வாசிப்பார்கள். புள்ளி பெரும்பாலும் நேரம் குறித்த வகையீட்டுக்கு.

ஓடினரி, பார்ஷல் – ஒரே சாரா மாறி இருந்தால் சாதாரணம். ஒன்றுக்கு மேற்பட்ட சாரா மாறிகள் குறித்துப் பெறுதி வந்தால் பகுதி. முதலில் படிப்பது சாதாரணம்.

ஓடர், டிகிரி – வரிசை, படி. வரிசை என்பது உயர்ந்த பெறுதி எத்தனையாவது என்பது. படி என்பது அந்த உயர்ந்த பெறுதியின் அடுக்கு. (y″)³ + (y′)⁵ = x இல் வரிசை 2, படி 3. 5 ஐப் பார்த்துப் படி என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை.

லீனியர் – ஏகபரிமாணம். y உம் அதன் பெறுதிகளும் முதலாம் அடுக்கில், ஒன்றோடொன்று பெருக்கப்படாமல் நிற்க வேண்டும். x எப்படியும் இருக்கலாம். x²y′ + y = sin x ஏகபரிமாணம்; yy′ = x அல்ல. ஊசலின் θ″ + (g/l) sin θ = 0 உம் அல்ல; சிறிய கோணத்துக்கு sin θ ≈ θ என்று வைத்த பிறகே ஆகிறது.

ஹோமோஜீனியஸ் – ஏகவினம். கவனம், இது இரண்டு பொருளில் வரும். முதலாம் வரிசைப் பாடத்தில் dy/dx = f(y/x) என்ற வடிவம்; y = vx என்று பிரதியிடுவோம். இரண்டாம் வரிசைப் பாடத்தில் வலப்பக்கம் பூச்சியம். எந்தப் பாடம் நடக்கிறது என்று பார்த்தே பொருள் கொள்ளுங்கள்.

செப்பரபிள் – மாறிகளைப் பிரிக்கக்கூடியது. dy/dx = y² இல் y² ஆல் வகுக்கும்போது y = 0 என்ற தீர்வு தொலைந்துபோகும். அதைத் தனியே எழுதாவிட்டால் விடை முழுமையில்லை.

இன்டகிரேட்டிங் ஃபக்டர் – தொகையீட்டுக் காரணி. y′ + P(x)y = Q(x) என்றால் e^(∫P dx). புள்ளிகள் அதிகம் கரைவது இங்கேதான். xy′ + 2y = x³ ஐப் பார்த்தவுடன் e^(2x) என்று எழுதக்கூடாது. முதலில் x ஆல் வகுத்து y′ இன் குணகத்தை 1 ஆக்குங்கள்: y′ + (2/x)y = x². காரணி x². ஆகவே (x²y)′ = x⁴, x²y = x⁵/5 + C, y = x³/5 + C/x². C ஐத் தொகையிட்ட வரியிலேயே போட வேண்டும்; கடைசியில் ஒட்டினால் x³/5 + C வரும், அது தீர்வே அல்ல.

ஜெனரல், பட்டிக்கியூலர் – பொதுத்தீர்வில் எதேச்சை மாறிலிகள் இருக்கும். சாதாரணமாக வரிசை எத்தனையோ அத்தனை. நிபந்தனையால் அவற்றுக்குப் பெறுமானம் கண்டால் சிறப்புத்தீர்வு.

இனிஷியல் கண்டிஷன், பௌண்டரி கண்டிஷன் – தொடக்க நிபந்தனைகள் ஒரே புள்ளியில்: y(0), y′(0). எல்லை நிபந்தனைகள் வெவ்வேறு புள்ளிகளில்: y(0), y(π). எல்லையில் தீர்வு கட்டாயம் உண்டு என்றில்லை. y″ + y = 0, y(0) = 0 என்பதோடு y(π) = 1 கேட்டால் தீர்வே இல்லை; y(π) = 0 கேட்டால் எண்ணற்றவை.

வினாத்தாளில் இவை சொற்களாக ஒளிந்திருக்கும். ‘இனிஷியலி அட் ரெஸ்ட்’ என்றால் ẋ(0) = 0; x(0) = 0 என்று அர்த்தமில்லை. ‘சப்ஜெக்ட் டு’ என்றால் பின்வரும் நிபந்தனைக்கு அமைய. ‘ரேட் ப்ரொப்போஷனல் டு’ என்றால் வீதம் அதற்கு விகிதசமம், k போடுங்கள். உதாரணமாக, நீர் ஆறும் வீதம் அறையுடனான வெப்பநிலை வித்தியாசத்துக்கு விகிதசமம் என்று தந்தால்: 30°C அறையில் 90°C நீர் 10 நிமிடத்தில் 60°C ஆனால், மேலும் 10 நிமிடத்தில் 30°C ஆகாது, 45°C தான். அறையுடனான வித்தியாசமே பாதியாகிறது; k = (ln 2)/10, நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.069.

கரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன் – சிறப்பியல்புச் சமன்பாடு. ‘ஒக்ஸிலரி’ என்றாலும் இதுதான். மாறிலிக் குணகங்கள் இருந்தால் மட்டும். y″ + 3y′ + 2y = 0 க்கு m² + 3m + 2 = 0, m = −1, −2. இரட்டை மூலம் m என்றால் (A + Bx)e^(mx). a ± ib என்றால் e^(ax)(A cos bx + B sin bx). மின்னியல் வகுப்பில் i க்குப் பதில் j எழுதுவார்கள், ஏனெனில் i மின்னோட்டம்.

பட்டிக்கியூலர் இன்டக்ரல் – வலப்பக்கத்துக்காக ஊகிக்கும் பகுதி. மேலே சொன்ன சிறப்புத்தீர்வு அல்ல. y″ + 3y′ + 2y = e^(−x) இல் Ae^(−x) வைத்தால் இடப்பக்கம் பூச்சியமாகிவிடும், அது ஏற்கெனவே ஏகவினத் தீர்வு. Axe^(−x) வையுங்கள்; A = 1 வரும்.

டம்பிங் – தணிப்பு. மோட்டார் சைக்கிள் ‘ஷொக்’ போல: mẍ + cẋ + kx = 0. c² < 4mk எனில் ‘அண்டர்’, ஆடி ஆடி அடங்கும். c² = 4mk எனில் ‘கிரிட்டிக்கல்’, ஆடாமல் மிக விரைவில் அடங்கும். c² > 4mk எனில் ‘ஓவர்’, மெதுவாகத் திரும்பும்.

ஸ்டெடி ஸ்டேட் – உறுதி நிலை. நிலையான உள்ளீடு என்றால் பெறுதிகளைப் பூச்சியமாக்கிக் காணலாம். சைன் உள்ளீட்டுக்கு அப்படிச் செய்யாதீர்கள்; அங்கே உறுதி நிலையும் அலைந்துகொண்டேயிருக்கும்.