பயிற்சித்தாள்: அட்சம், தீர்க்கம், நேரம் (9-ஆம் வகுப்பு)

உலக வெளிக்கோட்டுப் படம் தாளின் மேல் பாதியில் இருக்கிறது, ஜெராக்ஸில் ஆஸ்திரேலியாவின் ஓரம் கொஞ்சம் மங்கிவிட்டது, பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து அனுப்பும்போது நான்கு மூலையும் தெரிய வேண்டும்.

1. நிலநடுக்கோட்டையும் கிரீன்விச் கோட்டையும் வரையுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம் நிலமா, கடலா?

2. படத்தில் 'அ' புள்ளி 30° வடக்கு, 90° மேற்கு. எந்த நாடு? அதே தீர்க்கத்தில் நிலநடுக்கோட்டுக்கு வந்தால் எந்தப் பெருங்கடல்?

3. மகரரேகை தொடும் மூன்று கண்டங்களுக்கு வண்ணம் அடியுங்கள்.

4. பூமி 1 மணி நேரத்தில் 15° சுழல்கிறது, அதாவது 1°-க்கு 4 நிமிடம். இந்தியத் திட்ட நேரம் 82°30' கிழக்கை வைத்தது, சென்னை 80°15' கிழக்கில் இருக்கிறது. அப்படியானால் கடிகாரத்தில் பகல் 12 மணி அடிக்கும்போது சென்னையின் தல நேரம் என்ன? (முன்னாலா பின்னாலா என்பதில்தான் போன முறை பாதி வகுப்பு சறுக்கியது. கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி.)

5. ஜனவரி மாதம், சென்னையில் இரவு 8 மணி. நியூயார்க் கிரீன்விச்சுக்கு 5 மணி பின்னால். அங்கே அப்போது மணி என்ன? அந்த அரை மணியை விட்டுவிடாதீர்கள்.

6. சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை. தேதிக்கோட்டைப் படத்தில் காட்டி, ஏன் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். வளைவு வளைவாகத்தான் வரும், ஸ்கேல் வைக்காதீர்கள்.