அறுபத்திரண்டாவது வரி

சங்கரபாண்டி வண்டி எடுத்தது 2018 மார்ச்சில். அதற்கு முன் பல வருடம் மதுரையில் அடுத்தவர் வண்டிகளை ஓட்டினார். பாதி நாள் ஆக்டிங் டிரைவர், பாதி நாள் மாதச் சம்பளம். சொந்தமாக ஒரு டிசைர், மஞ்சள் போர்டு. கையிலிருந்து ஒன்றரை லட்சம் போட்டார், மீதி ஆறு லட்சம் கடன். பைபாஸ் ரோட்டில் மாடியில் இருந்த ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ்தான் கொடுத்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "வட்டி ஃப்ளாட்டா, இல்ல குறையுற வட்டியா சார்?"

ஃப்ளாட் என்றால் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி. குறையுற வட்டி என்றால் பாக்கி இருக்கும் முதலுக்கு மட்டும். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "குறையுற வட்டிதான். பதினோரு பர்சன்ட். அறுபது மாசம், மாசம் 13,045."

அன்று மாலையே செல்லூரில் ஒரு பெட்டிக்கடையில் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினார். மகள் கயல் அப்போது ஆறாவது. ஸ்கேல் வைத்து அவள்தான் கட்டம் போட்டுக் கொடுத்தாள். தேதி, எத்தனையாவது டியூ, ரூபாய், ரசீது நம்பர். கடைசியாக அகலமாக ஒரு கட்டம்.

"இதுல என்னப்பா எழுதுறது?"

"எதுல வந்த காசுன்னு."

அந்தக் கட்டம் எதற்கு என்று மனைவி முத்துலட்சுமிக்கும் முதலில் புரியவில்லை. அவர் விளக்கிக்கொண்டிருக்கவும் இல்லை. அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டியவர், வட்டிக்கு வாங்கி ஆட்டோ எடுத்தவர். தினமும் சாயங்காலம் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் காசைக் கொடுத்துவிட்டு வருவார். வட்டிக்காரர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டு அவரிடமே இருக்கும். ஒருநாள் இன்னும் எட்டாயிரம் பாக்கி என்றார்கள். இல்லை, முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். ஆனால் சொல்வதற்கு வாயைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. ஆட்டோ போய்விட்டது. சங்கரபாண்டிக்கு அப்போது பதினாறு வயது.

முதல் டியூ 2018 ஏப்ரல் 5. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ராமேஸ்வரம் போய்வந்த ஒரு குஜராத்திக் குடும்பத்தின் சவாரி என்று கடைசிக் கட்டத்தில் எழுதினார். இரண்டாவது, கொடைக்கானல் சீசன். மூன்றாவது, முகூர்த்த நாட்கள். கார்த்திகை மார்கழியில் சபரிமலை. ஏர்போர்ட் சவாரிகளைத் தனித்தனியாக எழுதாமல் 'ஏர்போர்ட் சில்லறை' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவார். டியூ பேங்க்கிலிருந்து தானாகவே போகும். ஆனாலும் ஐந்தாம் தேதி மெசேஜ் வந்த பிறகுதான் பேனாவை எடுப்பார். போன பிறகு எழுதுவதுதான் கணக்கு, போகும் என்று எழுதுவது கணக்கில்லை என்பார்.

டியூ மட்டும் வண்டியை ஓட்டிவிடாது. இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி., டயர் என்று எல்லாம் அதே வருமானத்தில் வாயைத் திறக்கும். அவற்றை நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதி வந்தார். முன்பக்கம் கடனுக்கு மட்டும்.

2020 மார்ச்சில் இருபத்து நான்காவது வரி எழுதி முடித்தார். அந்த மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. வண்டியை வாசலில் நிறுத்தி, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடினார். ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிப்போடலாம் என்று அறிவித்ததும் ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய சந்தோஷம். முதலில் மே வரை, பிறகு ஆகஸ்ட் வரை. தள்ளுபடி என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். சங்கரபாண்டி ஆபீசுக்கு போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இந்த மாசங்களுக்கு வட்டி உண்டா?" உண்டு என்றார்கள்.

அந்த ஐந்து மாதத்துக்கும் நோட்டில் வரி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ரூபாய்க் கட்டத்தில் ஒரு கோடு, கடைசிக் கட்டத்தில் ஒரே வாசகம்: கட்டவில்லை, வட்டி ஓடுகிறது. வருமானமே இல்லாத மாதத்தில் ஒருவர் உட்கார்ந்து அப்படி எழுதுவது லேசான காரியமில்லை. முத்துலட்சுமி அப்போதுதான் பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடம் துணி வாங்கி முகக்கவசம் தைக்க ஆரம்பித்திருந்தாள். அரிசி அதில் வந்தது.

செப்டம்பரில் இ-பாஸ் முறையை நீக்கினார்கள், வண்டிகள் ஓடின. ஓடாத ஐந்து மாதத்துக்கு வட்டி ஏறி, கடன் இரண்டு தவணை நீண்டது. அறுபதில் முடிய வேண்டியது அறுபத்திரண்டு. கயல் ஸ்கேலை எடுத்து இன்னும் இரண்டு கட்டம் போட்டாள். நவம்பரில் கடன் கணக்கில் 520 ரூபாய் வரவானதாக மெசேஜ் வந்தது. தள்ளிப்போட்ட மாதங்களில் வட்டிக்கு மேல் ஏறிய வட்டியை மத்திய அரசு திருப்பிக் கொடுத்த காசு அது. "520, அரசாங்கம்" என்று சிவப்பு மையில் எழுதிவைத்தார்.

அடுத்த வருடம் இரண்டாம் அலை. அதுதான் அவரை உலுக்கியது. மே 5ஆம் தேதி கணக்கில் பணம் இல்லாமல் டியூ திரும்பியது. பவுன்ஸ் சார்ஜ் 590 என்று மெசேஜ். அதற்குள் மறுபடி ஊரடங்கு. இ-பதிவு போட்டு ஆஸ்பத்திரிச் சவாரி மட்டும் ஓட்டினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொண்டு, ஜி.எச்.சிலிருந்து குணமானவர்களைத் தேனிக்கும் பரமக்குடிக்கும் கொண்டுபோய் விட்டார். சில வீடுகளில் திரும்பி வந்தவரைப் பார்த்து வாசலிலேயே அழுதார்கள். வாடகையைக் குறைத்துக் கேட்டவர்களிடம் அவர் பேரம் பேசவில்லை.

ஜூனில் வசூலுக்கு ஒரு பையன் மாட்டுத்தாவணிக்கு வந்தான். பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவன் கையடக்க மெஷினிலிருந்து ரசீது கிழித்துக் கொடுத்தான். அவன் போன பிறகு போனட்டின் மேல் நோட்டை வைத்து எழுதினார். 14.6.2021, மாலை 4.20, மாட்டுத்தாவணி. மே மாத டியூ 13,045, பவுன்ஸ் 590, மொத்தம் 13,635. ஐந்நூறு இருபத்தேழு, நூறு ஒன்று, இருபது ஒன்று, பத்து ஒன்று, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. ரசீது நம்பர் பன்னிரண்டு இலக்கம், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதினார். கடைசிக் கட்டத்தில்: ஜி.எச். - தேனி, ஜி.எச். - பரமக்குடி. ரசீதை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு டியூவும் திரும்பவில்லை. அக்டோபரில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியபோதும் திரும்பவில்லை. நடுவில் இரண்டு முறை போன் வந்தது, மே மாத டியூ நிற்கிறதே என்று. ரசீது நம்பரைச் சொன்னார். சரி, பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

2023 அக்டோபர் 5. அறுபத்திரண்டாவது டியூ, கடைசி என்பதால் கொஞ்சம் குறைவு, 12,430. எழுதிவிட்டு மறுநாளே என்.ஓ.சி. வாங்க பைபாஸ் ரோட்டுக்குப் போனார். புது மேனேஜர். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சார், ஒரு டியூ பெண்டிங் காட்டுது. 2021 மே. தாமத வட்டியோட இருபதாயிரத்து அறுநூத்துச் சொச்சம் வருது. அதக் கட்டினாத்தான் என்.ஓ.சி."

"கட்டியாச்சும்மா."

"ரசீது இருக்கா சார்?"

நோட்டைப் பிரித்துப் பின்னைக் கழற்றினார். ரசீது இருந்தது. எழுத்து இல்லை. சூட்டில் நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும் காகிதம் அது. வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் நோட்டோடு இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்து வெள்ளையாகியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இத வச்சு என்ன சார் பண்ண முடியும்? நீங்களா எழுதுன நோட்ட நாங்க எடுத்துக்க முடியாது."

சங்கரபாண்டிக்கு ஒரு நிமிடம் திண்ணையில் நின்ற அப்பாவின் முகம் வந்துபோனது. குரலை உயர்த்தவில்லை.

"நோட்ட எடுத்துக்க வேணாம் சார். இதுல இருக்குற நம்பர மட்டும் போட்டுப் பாருங்க. ரசீது உங்க மெஷின்ல அடிச்சது. அப்ப உங்ககிட்டயும் இருக்கணும்ல?"

அந்தப் பெண் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு இலக்கத்தையும் அவர் வாசிக்க, அவள் தட்டினாள். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இருக்கு சார்" என்றாள் மேனேஜரிடம். "ஜூன் பதினாலு. 4.18. 13,635. ஆனா வேற லோன்ல ஏறியிருக்கு. கடைசி நம்பர் 74க்கு 47ன்னு போட்டுட்டாங்க."

மேனேஜர் வந்து பார்த்தார். நோட்டையும் பார்த்தார். ரூபாய்த் தாள் கணக்கு வரை எழுதியிருந்ததை விரலால் தொட்டுக்கொண்டே படித்தார். "உட்காருங்க சார்" என்றார்.

ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நோட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். மனுவை வாங்கியதற்கு சீல் போட்டு ஒரு நகல் கேட்டு வாங்கி, அதையும் பின் அடித்துக்கொண்டுதான் சங்கரபாண்டி படி இறங்கினார். மூன்று வாரம் ஆனது. தாமத வட்டி முழுவதும் நீங்கியது. என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வந்தன. ஆன்லைனில் பதிவு செய்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு நடை நடந்து, ஃபைனான்ஸ் பெயர் இல்லாத ஆர்.சி. வாங்கினார். இன்ஷூரன்ஸிலும் அந்தப் பெயரை எடுக்கச் சொன்னார். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், கிளைம் வரும்போது அலைகிறார்கள்.

வீட்டில் முத்துலட்சுமி ஆர்.சி.யை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கயல் இப்போது பன்னிரண்டாவது, காமர்ஸ். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, கடைசிக் கட்டத்தை மட்டும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். ராமேஸ்வரம், கொடைக்கானல், முகூர்த்தம், சபரிமலை, ஏர்போர்ட் சில்லறை. அந்த ஐந்து மாதம் வந்ததும் நிறுத்தி, "அப்பா, அப்ப நாம எதுல சாப்பிட்டோம்?" என்று கேட்டாள்.

"அம்மா தச்சா" என்றார்.

கயல் பேனாவை எடுத்து, கோடு போட்டிருந்த அந்த ஐந்து வரிகளின் ஓரத்திலும் 'அம்மா தையல்' என்று எழுதினாள். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டாண்டில் கார்த்தி ஓடி வந்தான். இருபத்து நாலு வயது, ஆக்டிங் ஓட்டுகிறவன்.

"அண்ணே, நானும் வண்டி எடுக்கப்போறேன். லோன் ஓகே ஆயிருச்சு. மத்தியானம் கையெழுத்து."

"சந்தோஷம்டா. எவ்வளவு டியூ?"

"பதினஞ்சாயிரம் சொன்னாங்கண்ணே."

"எத்தன மாசம்? வட்டி ஃப்ளாட்டா, குறையுற வட்டியா?"

கார்த்தி தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் கேக்கலண்ணே. மாசம் இவ்வளவுன்னு மட்டும் சொன்னாங்க."

சங்கரபாண்டி மணியைப் பார்த்தார். ஏர்போர்ட் சவாரி பன்னிரண்டரைக்குத்தான்.

"ஏறு வண்டில. போய்க் கேட்டுட்டு வந்துருவோம்."