சிலிண்டர் மாற்றும் முறை: டியூப் பார்ப்பதும் சோப்பு நீர் விட்டுப் பார்ப்பதும்

மூன்று பேர் பகிர்ந்து சமைக்கும் நம் சமையலறைக்காக எழுதியது. மேடைமேல் இரண்டு பர்னர் அடுப்பு, கீழே ஒரு சிலிண்டர், அழுத்திப் பூட்டும் ரெகுலேட்டர், நடுவில் ஒன்றரை மீட்டர் டியூப். கேஸ் தீர்ந்த நேரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்தான் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும் வேலை ஐந்து நிமிடம், சோதனை இன்னொரு ஐந்து நிமிடம். பசி நேரத்தில் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஆனால் அதை முடிக்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

தொடங்கும் முன்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். அதனால் ஜன்னலோடு கதவையும் திறந்து வையுங்கள். எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் எரியக் கூடாது, அடுத்த அறையில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். விளக்கு சுவிட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன், மிக்சி எல்லாம் இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் பொறி தெறிக்கும்.

கழற்றி மாட்டுதல்

1. அடுப்பின் இரண்டு குமிழ்களையும் மூடுங்கள். பிறகு ரெகுலேட்டர் குமிழை மூடிய நிலைக்குத் திருப்புங்கள். தீர்ந்த சிலிண்டரிலும் கொஞ்சம் கேஸ் மிச்சமிருக்கும், அதனால் இதைத் தவறவிடாதீர்கள்.

2. ரெகுலேட்டரின் அடியில் உள்ள கறுப்பு வளையத்தை விரல்களால் மேலே தூக்கிப் பிடித்தபடி, ரெகுலேட்டரை நேராக மேலே எடுங்கள். டியூபைப் பிடித்து இழுக்காதீர்கள். காலிச் சிலிண்டரின் வால்வில் உடனே மூடியை அழுத்திப் போடுங்கள்.

3. புதுச் சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்ட வேண்டாம். நிமிர்த்தி, அடிவளையத்தின் விளிம்பில் சாய்த்து நகர்த்துங்கள். வைத்த பிறகும் அது நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமாகவே கேஸ் வெளியேறும், அந்தத் திரவம் விரிந்து இருநூறு மடங்குக்கும் மேல் ஆவியாகும்.

4. மூடியை அதன் நூலை இழுத்துக் கழற்றுங்கள். வால்வின் வாய்க்குள் ஒரு சிறிய கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். அது இருக்கிறதா, வெடிப்போ பிசிறோ இல்லாமல் முழு வட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ரெகுலேட்டர் மாட்டிய பிறகு வரும் கசிவுக்குப் பெரும்பாலும் இந்த வளையம்தான் காரணம். ஊசியோ கத்தி முனையோ விட்டு அதைக் கிளற வேண்டாம். பழுதாகத் தெரிந்தால் மூடியைப் போட்டு, சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. இப்போதே வால்வு வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குமிழி கிளம்பினால் வால்வே கசிகிறது. இதையும் மூடிபோட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குமிழி இல்லையென்றால் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

6. ரெகுலேட்டர் குமிழ் மூடியே இருக்கட்டும். கறுப்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து, ரெகுலேட்டரை வால்வின்மேல் செங்குத்தாக வைத்து, லேசாகத் திருகியபடி அழுத்தி வளையத்தை விடுங்கள். ‘டக்’ என்று பூட்டும் சத்தம் வரும். பிறகு மேலே இழுத்துப் பாருங்கள், கழன்று வரக் கூடாது. சாய்ந்து உட்கார்ந்திருந்தால் குமிழ் திரும்ப அடம்பிடிக்கும். பலம் கொடுத்துத் திருப்பாமல் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

டியூப்

குமிழைத் திறக்கும் முன் டியூபைப் பாருங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி தாண்டியிருந்தால், பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். ரப்பர் வெளியே தெரிவதற்கு முன்னால் உள்ளே இறுகிப்போகும்.

தேதி சரியாக இருந்தால், ஒரு சாண் ஒரு சாணாகக் கையில் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். நேராகக் கிடக்கும்போது கண்ணுக்குப் படாத மயிரிழை வெடிப்பு வளைவின் வெளிப்புறத்தில் வாய் திறக்கும். அதிகம் கவனிக்க வேண்டியவை இரண்டு முனைகளும்தான். அடுப்புப் பக்கம் சூட்டில் இறுகும். ரெகுலேட்டர் பக்கம், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் முறுகி மடிப்பு விழும். எலி இருக்கும் வீடென்றால் தரையில் படும் பகுதியையும் தடவிப் பாருங்கள். பல் தடம் ஒன்று இருந்தாலும் டியூப் போனது போனதுதான். டேப் சுற்றுவது, வெட்டி ஒட்டுப்போடுவது இரண்டும் கூடாது.

டியூப் அடுப்புக்குப் பின்னாலோ பர்னருக்கு அடியிலோ சூட்டில் போகக் கூடாது. அழகுக்காக அதன்மேல் துணி உறை போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். வெடிப்பு உறைக்குள் மறைந்துகொள்ளும்.

புது டியூப் மாட்டும்போது முனை நாஸிலின் அடிவரை ஏற வேண்டும். ஏறவில்லை என்று தீயில் காட்டியோ எண்ணெய் தடவியோ ஏற்றாதீர்கள். தீ ரப்பரைக் கெடுக்கும், எண்ணெய் பிடிமானத்தைக் கெடுக்கும். தண்ணீரில் நனைத்துத் திருகி ஏற்றினால் போதும். இரண்டு முனையிலும் கிளிப் போட்டு, டியூப் கையால் சுழலாத அளவுக்கு இறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கினால் கிளிப் ரப்பரை அறுக்கும். கட்டுக்கம்பி சுற்றுவதும் அதையேதான் செய்யும்.

சோப்பு நீர்ச் சோதனை

அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டுக் கலக்குங்கள். சிறு தூரிகையோ பஞ்சோ போதும். அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க, ரெகுலேட்டரைத் திறங்கள். அப்போதுதான் டியூப் முழுக்க அழுத்தம் ஏறும். ரெகுலேட்டரை மூடி வைத்துச் சோதித்தால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும்.

முதலில் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தைச் சுற்றிலும் தடவுங்கள். அடுத்து ரெகுலேட்டர் பக்க டியூப் முனை, பிறகு டியூப் முழு நீளம், அடுப்பு நாஸிலில் டியூப் ஏறியிருக்கும் இடம், கடைசியாக அடுப்புக் குமிழ்களின் தண்டு. ஒவ்வொரு இணைப்பையும் ஒரு நிமிடமாவது உற்றுப் பாருங்கள். தடவும்போது எழும் நுரை தானாக அடங்கிவிடும், அது கணக்கில்லை. ஒரே புள்ளியிலிருந்து திரும்பத் திரும்பக் கிளம்பும் குமிழியும், ஊதிப் பெரிதாகும் குமிழியும்தான் கசிவு. மிகச் சிறிய கசிவில் வெள்ளை நுரை கொஞ்சம் கொஞ்சமாகக் குவியும், அவசரப்பட்டால் கண்ணில் படாது.

வாசனை வரவில்லையே என்று இதைத் தவிர்க்க முடியாது. ஜன்னல் திறந்திருக்கும்போது சிறிய கசிவின் வாசனை மூக்குக்கு எட்டாமல் போகும், சளி பிடித்தவருக்குச் சொல்லவே வேண்டாம். தீக்குச்சி கொளுத்திக் காட்டிக் கசிவு தேடுவதை யாரும் எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

டியூப் முனையில் குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடி, கிளிப்பைச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள். டியூபின் நடுவில் வந்தால் புது டியூப் வரும்வரை அடுப்பு வேண்டாம். அடுப்புக் குமிழின் தண்டில் வந்தால் மெக்கானிக் வேலை. வால்வருகே வந்தால் ரெகுலேட்டரை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ரெகுலேட்டரை எடுத்து, மூடி போட்டு, சிலிண்டரை நிமிர்த்தியபடியே திறந்த வெளிக்குக் கொண்டுபோய் வையுங்கள். ரசீதில் உள்ள அவசர எண்ணுக்கு வெளியே நின்று பேசுங்கள்.

எல்லாம் சரியென்றால் ஈரத் துணியால் சோப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சோப்பு தங்கினால் உலோகம் அரிக்கும். பற்றவைக்கும்போது முதலில் தீக்குச்சியைக் கொளுத்தி, பிறகு குமிழைத் திறங்கள். டியூபில் புகுந்த காற்று வெளியேறச் சில நொடிகள் ஆகும், அதனால் முதல் தடவை பிடிக்காமல் போகலாம். அப்படியானால் குமிழை மூடிவிட்டு, ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். கழற்றிய மூடி சிலிண்டரின் கைப்பிடியிலேயே நூலில் தொங்கட்டும், அடுத்து மாற்றுகிறவருக்கு அது வேண்டும்.