பழைய பாத்திரம் போட்டு புதுசு எடுங்க: ஆடி விற்பனைக்கான பலகையும் நோட்டீசும்

கடை நெற்றியில் கட்டும் ஃபிளெக்ஸ்
(மேலிருந்து கீழாக எழுத்து சிறுத்துக்கொண்டே வரும், முதல் இரண்டு வரி வண்டியில் போகிறவருக்கு)

பழைய பாத்திரம் போட்டு
புதுசு எடுங்க!

எவர்சில்வர் கிலோ ரூ.290 முதல்

ஆடி 18 வரை மட்டும்

பித்தளை, செம்பு, அலுமினியம், ஓட்டை விழுந்ததும் எடுத்துக்கொள்வோம்

பேர் வெட்டித் தருவது இலவசம்

வாசல் தூணில் சாய்த்து வைக்கும் தட்டி
(நின்று படிப்பவருக்கு, கண் மட்டத்தில்)

உங்கள் பழசுக்கு நாங்கள் தரும் விலை, ஒரு கிலோவுக்கு:
பித்தளை ரூ.520
செம்பு ரூ.700
அலுமினியம் ரூ.150
எவர்சில்வர் ரூ.60

தராசு வாசலிலேயே இருக்கிறது, உள்ளே வராமலும் எடை போட்டுப் பார்க்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை.

நோட்டீஸ், முன்பக்கம்

பரணில் கிடக்கும் பித்தளைக் குடம் எவ்வளவு போகும்?

3 கிலோ குடம் = ரூ.1,560

அதைப் போட்டு 304 ரக எவர்சில்வர் 5 கிலோ (ரூ.2,450) எடுத்தால் கையிலிருந்து ரூ.890 கொடுத்தால் போதும்.

ஆடி 1 முதல் ஆடி 18 வரை (ஜூலை 17 – ஆகஸ்ட் 3)
காலை 9:30 முதல் இரவு 9 வரை, ஞாயிறும் உண்டு

தேரடி பாத்திரக்கடை, பெரிய கடைத்தெரு, கும்பகோணம்

நோட்டீஸ், பின்பக்கம்

எவர்சில்வரில் இரண்டு ரகம் வைத்திருக்கிறோம். 202 ரகம் கிலோ ரூ.340, இப்போது ரூ.290. நிக்கல் கூடுதலாக உள்ள 304 ரகம் கிலோ ரூ.560, இப்போது ரூ.490. புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் என்று புளிப்பும் உப்பும் படுகிற பாத்திரத்துக்கு 304 எடுங்கள், அரிசி பருப்பு கொட்டி வைக்கும் டப்பாவுக்கு 202 தாராளமாகப் போதும், அதற்குப் போய் 490 கொடுக்காதீர்கள். எது எந்த ரகம் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். விலையெல்லாம் ஜிஎஸ்டி சேர்த்துத்தான், பில் போடும்போது ஏறாது.

புதுப் பித்தளை கிலோ ரூ.980, இப்போது ரூ.910. சமையலுக்கு எடுப்பவர்களுக்கு உள்ளே ஈயம் பூசித் தருவோம், அதற்குக் கூலி தனி. வீட்டில் இருக்கும் பித்தளை அண்டாவுக்கு ஈயம் போய்விட்டது என்றால் அதை எடைக்குப் போடாதீர்கள் அம்மா, கொண்டு வாருங்கள், பூசித் தருகிறோம், இன்னும் ரொம்ப வருஷம் வரும்.

ஆடிப்பெருக்குக்குக் காவிரிப் படித்துறைக்குக் கலந்த சாதம் கட்டிக்கொண்டு போக அடுக்குத் தூக்கு, மூடி போட்ட தூக்குவாளி, எல்லா அளவிலும் இருக்கிறது. இவற்றுக்கு எடை விலை இல்லை, சீட்டில் உள்ள விலையில் 15% குறைவு. குக்கருக்கும் அதே 15%. ஆனால் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குத் தள்ளுபடி கிடையாது, பட்டறைக்காரர் கூலியில் கை வைக்க மனசு வரவில்லை.

ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் சீர்ப் பாத்திரத்தை இப்போதே இந்த விலையில் எடுத்து, முகூர்த்தம் வரை கடையிலேயே வைத்துக்கொள்ளலாம். பாதிப் பணம் கட்டினால் போதும். பேர் வெட்ட வேண்டிய எழுத்தை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், இன்ஷியலோடு. வெட்டிய பிறகு மாற்ற முடியாது, பேர் வெட்டிய பாத்திரத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

பழைய பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு: அடியில் கரி பிடித்திருந்தாலும் சரி, தேய்த்துக்கொண்டு வர வேண்டாம், அந்தச் சிரமம் வேண்டாம். இரும்புக் கைப்பிடி, மரக் குமிழ், ஆணி இருந்தால் உங்கள் கண் முன்னாலேயே கழற்றிவிட்டுத்தான் எடை போடுவோம், பாத்திரத்துக்கு மட்டும்தான் கணக்கு. பழசின் மதிப்பு நீங்கள் எடுப்பதைவிட அதிகமாக வந்தால் மீதிக்குச் சீட்டு எழுதித் தருவோம், தை வரைக்கும் செல்லும். பாத்திரமே வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றால் பித்தளைக்கும் செம்புக்கும் மட்டும் தருகிறோம், கிலோவுக்கு ரூ.20 குறைத்து.

இந்த விலையெல்லாம் ஆடி 18 இரவு கடை சாத்தும் வரைக்கும்தான். அன்றைக்குக் கூட்டம் நெரியும், ஆற்றுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாம் நேரே இங்கேதான் வருவார்கள், அதனால் பேர் வெட்டும் வேலை இருந்தால் அதற்கு முன்னாலேயே வந்துவிடுங்கள்.

கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. அண்டா, குடம் என்று கனமாகக் கொண்டு வருகிறவர்கள் ஆட்டோவை வாசலில் நிறுத்திக் குரல் கொடுங்கள், பையன்கள் வந்து இறக்கிக்கொள்வார்கள். டவுனுக்குள் ரூ.3,000-க்கு மேல் எடுத்தால் வீட்டில் கொண்டு வந்து இறக்குவதும் நாங்களே.